முப்பது விநாடியில் நீ யார்?



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். கணவர் போனபின் அவருடைய மோட்டார் காயில் கட்டும் பட்டறையை அவள்தான் நடத்துகிறாள். வேலை குறைந்து, இரண்டு மாத வாடகை பாக்கி. சிறுதொழில் செய்பவர்கள் கூடும் கூட்டத்துக்குப் போகிறாளாம். அங்கே ஒவ்வொருவரும் எழுந்து 30 விநாடி தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். "போன தடவை பேசினேன் சார், ஒருத்தர்கூட வந்து கேக்கல" என்றாள்.

எழுதி வைத்திருந்ததை வாசிக்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தேன். 55 விநாடி. "அனைத்து வகையான மின் மோட்டார்களையும் தரமாகவும் நம்பகமாகவும் பழுதுநீக்கித் தரும் நிறுவனம்..." வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த கட்டுரை நடையேதான்! கண்ணால் படிக்க அது சரி. காதால் கேட்டால் நிற்காது.

தாளை வாங்கி வைத்துவிட்டு, "கடைசியா யாரும்மா அவசரமா கூப்பிட்டாங்க?" என்றேன். உடனே சரளமாகச் சொன்னாள். அவள் வாயில் வந்ததையே எழுதினேன். தேவையற்றதை வெட்டியபின் நின்றது இது:

"வணக்கம். காலையில குழாயைத் திறக்கறீங்க, தண்ணி வரல. கீழ போர்வெல் மோட்டார் கருகிக் கிடக்கு. மொத்த அபார்ட்மென்ட்டும் செகரட்டரியைத் திட்டும். அவர் எனக்குப் போன் பண்ணுவார். ரெண்டு நாள்ல காயில் கட்டித் தருவேன். அதுவரைக்கும் ஓட மாத்து மோட்டார் போட்டுக் கொடுப்பேன். உங்க அபார்ட்மென்ட் செகரட்டரிகிட்ட என் நம்பரைக் கொடுங்க."

கடைசியில் பெயரும் பட்டறைப் பெயரும், நிறுத்தி நிதானமாக. முதலில் பெயரைச் சொன்னால், ஆட்கள் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் அது காற்றில் போய்விடும். எல்லா மோட்டாரும் பார்ப்பவள்தான். ஆனால் ஒன்றைச் சொன்னால்தான் ஒன்றாவது நினைவிருக்கும். "ஆதரவு தாருங்கள்" என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? "செகரட்டரி" என்றால் கேட்பவர் மனத்தில் ஒரு முகம் வரும். மில்காரர்கள் கூடும் இடமானால் கதையையும் அந்தக் கடைசி வேண்டுகோளையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மனப்பாடம் செய்யாதே என்றேன். செய்தால் ஒப்பிக்கும் குரல் வந்துவிடும். ஒரு சொல் மறந்தால் எல்லாம் நின்றுவிடும். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மாறக்கூடாது. நடுவில் திட்டு வாங்கும் செகரட்டரி, ரெண்டு நாள், மாத்து மோட்டார் என மூன்று விஷயம், மூன்று விரல்.

சோதனைக்கு, வீட்டில் மாமியாரிடம் ஒருமுறை சொல்லிவிட்டு மறுநாள் காலையில் கேட்கச் சொன்னேன். பழையதைக் கேட்டபோது "ஏதோ மோட்டார் வேலை" என்றவர், இப்போது "தண்ணி நின்னா உன்னைக் கூப்பிடணும்" என்றாராம். அப்படி ஒரே வரியில் திரும்பி வந்தால் போதும்.

கூட்டம் முடிந்த இரவு போன் செய்தாள். இரண்டு பேர் நம்பர் வாங்கியிருக்கிறார்கள். நேற்று ஒரு மோட்டார் பட்டறைக்கு வந்துவிட்டது.

அவள் அனுமதியோடுதான் எழுதினேன். நீங்களும் உங்கள் 30 விநாடியைக் கீழே எழுதுங்கள். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபின்!