ஏழாம் தேதி

2023 நடுவில் எங்கள் கம்பெனியில் வந்த கடிதம் ஒரு பக்கம்தான். பெரிய சிப் தொழிற்சாலைகளுக்குச் சோதனைக் கருவிகளின் பாகங்கள் செய்து கொடுக்கிற சின்ன இடம் அது. பாயான் லெப்பாஸ் பக்கம் அப்படி நிறைய உண்டு. கொரோனா காலத்தில் உலகமே லேப்டாப் வாங்கியது, சிப் போதவில்லை. வாங்கிக் குவித்தவர்கள் எல்லாரும் பிறகு ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டார்கள். ஆர்டர் வற்றியது. கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: அடுத்த ஆறு மாதத்துக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 விழுக்காடு ஒத்திவைக்கப்படும், நிலைமை சீரானதும் அந்தத் தொகை பரிசீலிக்கப்படும், சம்மதம் என்றால் கீழே கையெழுத்திடவும்.

எங்கள் பிரிவில் 20 வருடத்துக்கு மேல் வேலை செய்த ஒரு டெக்னீஷியன் அண்ணன் இருந்தார். 2009இல் வாரம் நாலு நாள் வேலை என்று ஆனதையும் பார்த்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "தம்பி, இதுல கொடுக்கப்படும்னு எங்கயாச்சும் போட்ருக்கா?"

போட்டிருக்கவில்லை. "பரிசீலிக்கப்படும்" என்றுதான் இருந்தது. அந்த ஒரு வினைச்சொல்லில்தான் விஷயம் முழுக்க இருக்கிறது.

சம்பளக் குறைப்பு, சம்பள ஒத்திவைப்பு, சம்பளமில்லா விடுப்பு மூன்றையும் கூட்டத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். மூன்றும் வேறு வேறு. குறைத்தால் அந்தப் பணம் போனது போனதுதான். சம்பளமில்லா விடுப்பில் பணமும் இல்லை, வேலையும் இல்லை. அந்த நாட்களாவது நம்முடையவை, கிராப் ஓட்டலாம். ஒத்திவைப்பில் முழு வேலையும் செய்கிறோம், பணம் மட்டும் கம்பெனியிடம் நிற்கிறது. பேச்சில் எப்படிச் சொன்னாலும் அது நாம் கம்பெனிக்குக் கொடுக்கிற கடன். வட்டியில்லாத, அடமானமில்லாத கடன். நம் கடிதத்தில் திருப்பித் தரும் தேதியும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் முன்பு முக்கியமாக 2,000 ரிங்கிட்டுக்குள் சம்பளம் வாங்குபவர்களுக்கும் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கும்தான் பொருந்தியது. எஞ்சினியர்கள் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. 2023 ஜனவரி 1 முதல் எல்லா ஊழியர்களையும் அது உள்ளே கொண்டுவந்துவிட்டது. ஓவர்டைம், ஆட்குறைப்பு இழப்பீடு போன்ற சில பிரிவுகள் மட்டும் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவர்களுக்குக் கிடையாது. அதன் 19ஆம் பிரிவு சொல்வது எளிமையானது. ஒரு மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். அதற்குள் கொடுக்க முடியாத நிலை என்றால் முதலாளி தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநரிடம் விண்ணப்பித்துக் கூடுதல் நாட்கள் கேட்கலாம். அதாவது தாமதிக்க ஒரு வழி இருக்கிறது, ஆனால் அது துறையின் வாசல் வழியாகப் போகிற வழி. 7ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: சட்டம் தருவதைவிடக் குறைவாகத் தருகிற ஒப்பந்த நிபந்தனை செல்லாது. ஆகவே நாம் கையெழுத்துப் போட்டுவிட்டோம் என்பதாலேயே ஏழாம் தேதி மறைந்துவிடாது.

இதோடு பி.கே. படிவம் என்று ஒன்று இருக்கிறது. ஆட்குறைப்புக்கு மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். சம்பளத்தைக் குறைக்கும்போதும், தற்காலிகமாக வேலை நிறுத்தி வைக்கும்போதும்கூட 30 நாளுக்கு முன்பே முதலாளி அதை நிரப்பித் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். "பி.கே. அனுப்பியாச்சா?" என்று கேட்பது சண்டை இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் எங்கள் ஹெச்.ஆர். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கணக்கைப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில் அர்த்தமில்லை. மாதம் 3,800 ரிங்கிட் வாங்குகிற, மூன்று வருடம் வேலை செய்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். 30 விழுக்காடு என்றால் 1,140. ஆறு மாதத்துக்கு 6,840. கடிதத்தில் குறைப்பு என்று இருந்தால் இந்தப் பணத்தோடு நிற்காது. முதலாளி இபிஎஃப்புக்குப் போடுகிற 13 விழுக்காடும் குறைந்த சம்பளத்தின் மேல்தான் போடப்படும். மாதம் சுமார் 148 ரிங்கிட், ஆறு மாதத்தில் 890 பக்கம். அடுத்தது யாரும் யோசிக்காதது. ஆறு மாதம் கழித்து அவரை ஆட்குறைப்பில் அனுப்பினால் என்ன ஆகும்? இரண்டு வருடத்துக்கு மேல் ஐந்து வருடத்துக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், அதாவது 45 நாள் சம்பளம், இழப்பீடு. ஒரு நாள் சம்பளத்தை அதற்கு முந்தைய 12 மாதச் சராசரியில்தான் கணக்கிடுவார்கள். முழுச் சம்பளத்தில் சுமார் 5,620 ரிங்கிட். பாதி வருடம் குறைந்த சம்பளம் வாங்கியிருந்தால் சுமார் 4,780. கம்பெனியைக் காப்பாற்ற விட்டுக்கொடுத்தவர், கம்பெனி தன்னை அனுப்பும்போது அதற்காக இன்னொரு முறை இழக்கிறார்.

ஒத்திவைப்பு என்று தெளிவாக எழுதியிருந்தால் சம்பளம் 3,800தான். அதில் ஒரு பகுதி பாக்கி. அதனால்தான் சம்பளச் சீட்டில் முழுத் தொகையையும் காட்டி, பாக்கியைத் தனி வரியாகப் போடச் சொல்ல வேண்டும். இபிஎஃப்பும் சொக்சோவும் மாதாமாதம் முழுச் சம்பளத்துக்குப் போக வேண்டும். இபிஎஃப் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டியது. கட்டினார்களா என்று நம் போனிலேயே பார்க்கலாம். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தை நமக்குக் காட்ட மாட்டார்கள். இபிஎஃப் கணக்கு மட்டும் நம் கையில் இருக்கிறது. அதில் ஒரு மாதம் விழாமல் போனால், "நிலைமை கட்டுக்குள் இருக்கு" என்று டவுன்ஹாலில் சொன்னதை நான் நம்ப மாட்டேன்.

அண்ணன் கேட்ட அடுத்த கேள்வி இன்னும் கடினமானது. "சரி, கம்பெனியே படுத்துருச்சுன்னா?"

கம்பெனி கலைக்கப்படும்போது இருக்கிற சொத்தை விற்று வரிசைப்படி கொடுப்பார்கள். 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் ஊழியர் சம்பளத்துக்கு அந்த வரிசையில் முன்னிடம் தருகிறது, ஆனால் இரண்டு வேலி போட்டு: ஒருவருக்கு 15,000 ரிங்கிட்டுக்குள், அதுவும் கலைப்பு தொடங்குவதற்கு முந்தைய நான்கு மாதங்களில் செய்த வேலைக்கு. அதற்கு முந்திய பாக்கி, ஸ்குரூ விற்றவரும் லாரி வாடகைக்காரரும் நிற்கிற சாதாரண வரிசைக்குப் போய்விடும். அங்கே பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. நம் கணக்கில் ஆறாம் மாத முடிவில் கலைப்பு தொடங்கினால் 4,560 ரிங்கிட் வேலிக்குள்ளே, 2,280 வெளியே. நிஜத்தில் இன்னும் மோசமாகலாம். கம்பெனி கதவு சாத்துகிற நாளுக்கும் சட்டப்படி கலைப்பு தொடங்குகிற நாளுக்கும் நடுவில் மாதங்கள் ஓடிவிடும். அந்த நான்கு மாத வேலி ஓடிக்கொண்டே இருக்கும். நம் பாக்கி ஒவ்வொரு மாதமாக அதற்கு வெளியே விழும்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு என்ன கேட்பது என்பது தானாகத் தெளிவானது. ஆறு மாதம் வேண்டாம், மூன்று மாதம் என்று வையுங்கள், தேவைப்பட்டால் மறுபடி பேசுவோம். திருப்பித் தரத் தொடங்கினால் பழைய மாதத்தை முதலில் தீருங்கள். இது சின்ன வரி, முதலாளிக்கு ஒரு சென் செலவில்லை, ஆனால் நம் பாக்கியை வேலிக்குள்ளேயே வைத்திருப்பது இதுதான். தேதி போடுங்கள். நடுவில் யாராவது விலகினாலோ அனுப்பப்பட்டாலோ பாக்கி முழுவதும் கடைசிச் சம்பளத்தோடு வர வேண்டும். குறைந்த சம்பளக்காரர்களைத் தொடாதீர்கள். 1,800 வாங்குகிற ஆபரேட்டரிடம் 30 விழுக்காட்டைப் பிடித்தால் 1,260, அப்போதைய 1,500 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே.

வேலையை விட்டுவிட்டு வழக்குப் போடலாமே என்று எங்கள் குழுவில் ஒருத்தன் சொன்னான். முடியும். சம்மதமில்லாமல் சம்பளத்தைக் குறைப்பது ஒப்பந்தத்தின் வேரையே முறிப்பது. அந்த நிலையில் ஊழியர் வெளியேறினால் அதைப் பணிநீக்கமாகவே கருதலாம் என்பதை 1988இல் கேத்தே நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் முதலில் வெளியேற வேண்டும், 60 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும், மீறல் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பும் நம் தலையில். ஆர்டரே இல்லாத காலத்தில் வேலையை விட்டுவிட்டு நிற்க அண்ணனுக்கு முடியாது. வீட்டுக் கடன் இன்னும் பாக்கி. அதே சமயம் வாயே திறக்காமல் மாதக்கணக்கில் வேலை செய்தால் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். நடுவழி என்பது எழுத்தில் மறுப்பைப் பதிவுசெய்துவிட்டு வேலையைத் தொடர்வது. பாக்கிக்கு மட்டும் என்றால் வேலையில் இருந்துகொண்டே தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை.

நாங்கள் பதினொரு பேர் ஒரே மின்னஞ்சலில் கேட்டோம். தேதி கிடைத்தது, பழைய மாதம் முதலில் என்பதும் கிடைத்தது. இபிஎஃப் முழுதாகப் போனது. 2,500க்குக் கீழ் வாங்குபவர்களை விட்டுவிட்டார்கள். மூன்று மாதம் கேட்டதற்கு நான்கு என்றார்கள். எங்கள் ஃபைனான்ஸ் மேனேஜரை நான் குறை சொல்ல மாட்டேன். வாடிக்கையாளர்கள் பணத்தை 90 நாள், 120 நாள் என்று இழுத்துக்கொண்டிருந்ததை அவரே சொன்னார். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது அரசாங்கமாவது சம்பள மானியம் கொடுத்தது, வாங்குகிற முதலாளி ஆட்களை நீக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. 2023 சரிவுக்கு அப்படி யாரும் வரவில்லை. பாக்கி கடைசியில் வந்தது, இரண்டு தவணையாக, இரண்டாவது ஆறு வாரம் தாமதமாக.

கிடைக்காதது ஒன்று. அந்த வருடத் தொடக்கத்தில்தான் இன்டெல், 1972 முதல் நம் தீவில் இருக்கிற அதே இன்டெல், அமெரிக்காவில் தன் சம்பளக் குறைப்பை அறிவித்திருந்தது. தலைமை நிர்வாகி பேட் கெல்சிங்கருக்கு 25 விழுக்காடு, உயர்நிலைக் குழுவுக்கு 15, மூத்த மேலாளர்களுக்கு 10, நடுநிலை மேலாளர்களுக்கு 5. மணிக்கூலி ஊழியர்களைத் தொடவில்லை. நல்ல மனசால் செய்தார்களோ இல்லையோ, மேலே எவ்வளவு கீழே எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரிந்தது. எங்கள் மின்னஞ்சலின் கடைசிக் கேள்வியும் அதுதான்: இயக்குநர்கள் எத்தனை விழுக்காடு ஒத்திவைத்திருக்கிறார்கள்? மற்ற எல்லாவற்றுக்கும் வரிவரியாகப் பதில் வந்தது. அதற்கு மட்டும் "உங்கள் அக்கறைக்கு நன்றி" என்று வந்தது. அண்ணன் அதைப் படித்துவிட்டு, "பரிசீலிக்கப்படும்னு கூட சொல்லலயே தம்பி" என்றார்.