52 என்று நான் அனுப்பிய பதில்

2024 மே 5, ஞாயிற்றுக்கிழமை. நீட் தேர்வு முடிந்த இரவு. பெரம்பலூரில் என் அறையில் இருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. வணக்கம் இல்லை, கேள்வி இல்லை. வெறும் எண்கள்.

"1-3, 2-1, 3-4, 4-2, 5 விட்டுட்டேன், 6-2..." இப்படி 200 வரை.

அனுப்பியவள் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கத்துக் காலனிப் பிள்ளை. அரசுப் பள்ளியில் ஆங்கில வழியில் படித்தவள். அவளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவளே நான்தான். அதனால் அவள் கேட்காத கேள்வி எனக்குப் புரிந்தது: "அக்கா, எவ்வளவு வரும்?"

அதே நேரம் ஒரு குழுவில் விடைப்பட்டியல் சுற்றிக்கொண்டிருந்தது. அதுவும் வெறும் எண்கள்தான். இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டேன். அவள் எழுதியது 168 கேள்விகள். 44 சரி, 124 தவறு. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழிவு. 176-இல் 124 போக 52. "52 வருதும்மா" என்று அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் அவளுடைய அம்மா அழைத்தார். முந்திரிக் காட்டு வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். "ராத்திரியிலேர்ந்து புள்ள பேச மாட்டேங்குது. போனையும் அணைச்சு வெச்சுட்டா. நீங்க என்ன சொன்னீங்க?"

தோழர்களே, செந்துறை வட்டத்தில்தான் குழுமூர் இருக்கிறது. 2017 செப்டம்பர் 1 அன்று அனிதாவை இழந்த ஊர். பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 எடுத்தவள், உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றவள். அந்தப் பகுதியில் தேர்வு எழுதிய ஒரு பிள்ளை பேசாமல் இருக்கிறாள் என்றால் என்ன பயம் வரும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. "நான் வர்ற வரைக்கும் பிள்ளையைத் தனியா விடாதீங்க" என்று சொல்லிவிட்டு அரியலூர் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து அந்த 52-ஐத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மாதிரித் தேர்வுகளில் அவள் 400-ஐத் தொட்டவள். அப்போதுதான் உறைத்தது. 168-இல் நாலில் ஒரு பங்கு 42. எனக்குச் சரியாக வந்தது 44. அதாவது, கேள்வியே படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு வட்டம் போட்டவருக்கு வரும் எண்ணிக்கை.

நீட் வினாத்தாள் ஒரே வரிசையில் அச்சாவதில்லை. அந்த ஆண்டு Q1, R3, S3, T2 என்று பல குறியீடுகளில் கொடுத்தார்கள். கேள்விகள் அவையேதான், வரிசை மட்டும் மாறும். ஒரு தாளில் 19-ஆவதாக இருக்கும் கேள்வி இன்னொரு தாளில் வேறு எண்ணில் இருக்கும். விடைப்பட்டியலும் குறியீடு வாரியாகத்தான் போடப்படும். கை மாறிக் கை மாறி வரும்போது மேலே இருக்கும் அந்தத் தலைப்பு வெட்டுப்பட்டுப் போகிறது. மிச்சம் வருவது வெறும் எண்கள்.

தவறான குறியீட்டுப் பட்டியலை வைத்துத் திருத்தினால் யாருடைய தாளுக்கும் ஏறக்குறைய நாலில் ஒன்றுதான் பொருந்தும். 180 கேள்வி எழுதியவருக்கு 45 சரி, 135 தவறு என்று ஆகி, மொத்தம் 45 மதிப்பெண்ணை ஒட்டி நிற்கும். முப்பது கூடலாம், முப்பது குறையலாம். நன்றாகப் படித்த பிள்ளைக்கு இப்படி ஓர் எண் வந்தால் முதலில் பிள்ளையைச் சந்தேகிக்கக் கூடாது. பட்டியலைச் சந்தேகிக்க வேண்டும்.

வீட்டுக்குப் போனதும் வினாத்தாளைக் கேட்டேன். விடைத்தாளைத் தேர்வு அறையிலேயே வாங்கிக்கொள்வார்கள், வினாத்தாளை மட்டும் பிள்ளைகள் கொண்டு வரலாம். முகப்பில் S3 என்று இருந்தது. நான் வைத்துத் திருத்திய பட்டியல் எந்தக் குறியீடு என்றே எனக்குத் தெரியாது.

கணக்குப் போடுவதற்கு முன்னால் அவளை ஒரு வேலை செய்யச் சொன்னேன். "தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்னு நினைக்கிற அஞ்சு கேள்வியைக் காட்டு." உயிரியலில் ஐந்தைத் தொட்டுக் காட்டினாள். அந்த ஐந்தையும் என் பட்டியலோடு ஒப்பிட்டோம். ஒன்றுதான் பொருந்தியது. பிறகு S3 என்று தலைப்புள்ள பட்டியலைத் தேடி எடுத்தோம். ஐந்தும் பொருந்தின. தற்செயலாக ஐந்தும் பொருந்த 1024-இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. அதற்குப் பிறகுதான் முழுவதையும் கூட்டினோம். 117 சரி, 51 தவறு. 468-இல் 51 போக 417.

அவள் அழவில்லை. "அப்போ நேத்து ராத்திரி சொன்னது யாரோட மார்க்கு அக்கா?" என்றாள். அது யாருடைய மதிப்பெண்ணும் இல்லை. அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு வெட்கமாக இருக்கிறது. சமூகவியல் முதுகலையில் கள ஆய்வு நடத்தியவள் நான். ஆய்வுத் தாள்களில் பதில்களை 1, 2, 3 என்று எண்ணாக்கித்தான் கணினியில் ஏற்றுவோம். எந்த எண் எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று சொல்லும் குறியீட்டுப் புத்தகம் தொலைந்தால் மொத்தத் தரவும் குப்பை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆய்வுக்குப் பொருந்தும் விதி ஒரு பிள்ளையின் வாழ்க்கைக்குப் பொருந்தும் என்பதை அந்த இரவு மறந்துவிட்டேன்.

கதை 417-இல் முடியவில்லை. S3 தாளின் 19-ஆவது கேள்வி இயற்பியல். இரண்டு கூற்றுகள். முதலாவது, அணுவில் நேர், எதிர் மின்னூட்டங்கள் சமமாக இருப்பதால் அது மின்நடுநிலை கொண்டது. இரண்டாவது, ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்கே உரிய நிறமாலையை உமிழ்பவை. இரண்டும் சரி என்பது விடை 2. முதலாவது மட்டும் சரி என்பது விடை 4. அவள் 2 போட்டிருந்தாள்.

மே மாதக் கடைசியில் தேசியத் தேர்வு முகமை வெளியிட்ட தற்காலிகப் பட்டியலில் 4 என்று இருந்தது. ஆனால் பழைய என்சிஇஆர்டி புத்தகத்தில் அந்த இரண்டாவது கூற்று அப்படியே இருந்தது, புதிய பதிப்பில்தான் திருத்தியிருந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் முறையிட்டதால் 2, 4 இரண்டுக்குமே மதிப்பெண் கொடுத்தார்கள். ஜூன் 4 அன்று முடிவு வந்தபோது அவளுக்கு 422. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி டெல்லி ஐஐடியின் மூன்று நிபுணர்கள் பார்த்து, 4 மட்டுமே சரி என்றார்கள். ஜூலை 23 அன்று நீதிமன்றம் அதை ஏற்றது. விடை 2 போட்ட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஐந்து மதிப்பெண் போனது, கிடைத்த நாலும் கழிவு ஒன்றும். ஜூலை 26-இல் வந்த திருத்திய முடிவில் அவளுக்கு மறுபடி 417.

அவளிடம் இருந்தது மேல் வகுப்பு அக்கா ஒருத்தி கொடுத்த பழைய புத்தகம். காலனியில் புத்தகங்கள் அப்படித்தான் கை மாறும். அறிவியல்படி 4 சரி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அணு எல்லாமே நிலையானது அல்ல, கதிரியக்கத் தனிமங்களின் அணுக்கள் சிதைகின்றன. ஆனால் "19-2, தவறு" என்ற எண்ணில் அந்தப் பழைய புத்தகம் தெரிவதில்லை. புதுப் புத்தகம் வாங்க முடிந்தவளும் முடியாதவளும் ஒரே கட்டத்தில் ஒரே கருப்பு வட்டமாக நிற்கிறார்கள்.

2018-இல் நடந்தது இதைவிட மோசம். அப்போது தேர்வை நடத்தியது சிபிஎஸ்இ. தமிழில் எழுதியவர்களின் தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தன. சிறுத்தை என்று வர வேண்டிய இடத்தில் "சீத்தா" என்று அச்சாகியிருந்தது. டி.கே. ரங்கராஜன் தொடர்ந்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஜூலை 10 அன்று 49 கேள்விக்கும் சேர்த்து 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. அந்த ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தமிழில் எழுதிய பிள்ளையின் விடைத்தாளிலும் ஆங்கிலத்தில் எழுதிய பிள்ளையின் விடைத்தாளிலும் இருந்தது ஒரே மாதிரி எண்கள்தான். அவர்கள் படித்த கேள்விகள் ஒன்றல்ல என்று எண்களைப் பார்த்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

மையங்களில் பிள்ளைகளுக்கு உதவும் தோழர்களுக்கு நான் இப்போது கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். எண்கள் மட்டும் வந்தால் பதில் எண் அனுப்புவதில்லை. முதலில் வினாத்தாளின் முகப்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். குறியீடும் மொழியும் அதில் இருக்கும். அடுத்து உறுதியான ஐந்து கேள்விகளின் சோதனை. அதற்குப் பிறகுதான் கூட்டல். அதுவும் நேரில், அல்லது குரலில் பேசிக்கொண்டே.

அதிகாரப்பூர்வப் பட்டியல் வரும்போது இன்னொரு வேலை இருக்கிறது. பிள்ளையின் விடைத்தாள் படமும், இயந்திரம் அதைப் படித்துப் பதிவு செய்த எண்களும் இணையத்தில் வரும். இரண்டையும் வரி வரியாக ஒப்பிட வேண்டும். முறையிடச் சில நாள்தான் தருவார்கள். 2024-இல் ஒரு கேள்விக்கு 200 ரூபாய், திரும்பக் கிடைக்காத பணம். பல பிள்ளைகளின் விண்ணப்பத்தில் இருப்பது பிரவுசிங் சென்டர்க்காரரின் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும். அறிவிப்பு அவருக்குப் போகும், பிள்ளைக்கு வராது. விண்ணப்பம் போடும் அன்றே இதைச் சரி செய்யுங்கள். முறையீட்டுக்கான பணத்தை மையத்தில் முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

பிள்ளை பேச்சை நிறுத்தினால் மதிப்பெண் பேச்சை விட்டுவிட்டு உடனே நேரில் போங்கள். போக முடியாத தூரம் என்றால் வீட்டில் இருப்பவரிடம் கூடவே இருக்கச் சொல்லுங்கள். 104-க்கோ 14416-க்கோ அழைத்தால் மனநல ஆலோசகர்கள் பேசுவார்கள்.

இதை எழுத அவளிடம் அனுமதி கேட்டேன். "பேர் வேணாம், ஊர் வேணாம், மார்க்கைப் போட்டுக்கோங்க. ஆனா எந்தக் கோடுன்னு சேர்த்துப் போடுங்க அக்கா" என்றாள். S3, 417.