எண்ணைக் கூட்டாதே, வேறுபாட்டைத் தேடு

ஓய்வு பெற்ற பிறகும் பிள்ளைகள் என்னைத் தேடி வருவது நிற்கவில்லை. கணினித் துறையில் ஆய்வு செய்கிறவர்கள். அவர்களில் பாதிப் பேர் கொண்டுவருவது ஒரே குறைதான். “சார், பேப்பர்ல 91 சதவீதம் போட்டிருக்காங்க. நான் அப்படியே எழுதி ஓட்டினா 89-தான் வருது.” அடுத்த வாக்கியம் ஆளுக்கு ஆள் மாறும். தைரியசாலி, பேப்பரே பொய் என்பான். கூச்சக்காரன், எனக்கு இது வராது சார் என்பான். இரண்டு தீர்ப்புக்கும் அவர்கள் கையில் இன்னும் சாட்சி இல்லை. அவர்களிடம் இருப்பது ஓர் இடைவெளி மட்டும். எங்கோ இருவருடைய செயலும் வேறுபட்டிருக்கிறது. எங்கே என்று தெரியவில்லை.

அண்மையில் வந்த மாணவி ஒருத்தியின் வேலையை வைத்தே சொல்கிறேன். கைமிங் ஹே உள்ளிட்ட நால்வர் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் இருந்தபோது 2015-இல் வெளியிட்ட ரெஸ்நெட் கட்டுரை படம் அடையாளம் காணும் துறையில் எல்லோரும் கடந்துவரும் ஒன்று. அதில் சிஃபார்-10 என்ற படத்தொகுப்புக்கென்று ஒரு பகுதி உண்டு. 32-க்கு 32 புள்ளி அளவுள்ள சின்னப் படங்கள், பத்து வகைகள். பயிற்சிக்கு 50,000, சோதனைக்கு 10,000. அங்கே இருபது அடுக்கு ரெஸ்நெட்டின் பிழை 8.75 சதவீதம் என்று இருக்கிறது. அதாவது 91.25 சரி. அவளுக்கு வந்தது 89.1.

என்னிடம் வருமுன் அவள் ஒன்று செய்திருந்தாள். லேர்னிங் ரேட்டை மாற்றிப் பார்த்தாள், எபோக்கைக் கூட்டினாள், கடைசியில் அடுக்குகளை அகலமாக்கினாள். எண் 91.3 ஆகிவிட்டது. “வந்துடுச்சு சார், ஆனா மனசு ஒப்பலை” என்றாள். அந்த ஒப்பாத மனசுதான் நல்ல ஆய்வாளரின் முதல் சொத்து. கடையில் இரவு கல்லாக் கணக்கு 200 ரூபாய் குறைகிறது என்றால், தன் பையிலிருந்து 200 போட்டுச் சரிக்கட்டுகிற காசாளரை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். எந்தப் பதிவு விட்டுப்போனது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. நாளையும் அது விட்டுப்போகும். அகலமாக்கிய வலை 91.3 தந்தால், அது கட்டுரையில் உள்ள வலை அல்ல. சொல்லப்போனால், எண் கட்டுரையைத் தாண்டிப் போவதும் வேறுபாடுதான். பெரிய அகலமுள்ள ரெஸ்நெட்-18-ஐ இதே படங்களுக்குப் பொருத்தி ஓட்டினால் 93-ஐத் தாண்டும். மகிழ்ச்சி அடையலாம், ஆனால் எதையும் மறுபடி செய்து காட்டியதாக ஆகாது.

சேர்த்ததையெல்லாம் எடுத்துவிட்டு 89.1-க்கே திரும்பச் சொன்னேன். பிறகு இந்த வரிசையில் போனோம். வரிசை முக்கியம்: விலை குறைந்த சோதனை முன்னால், நீண்ட ஓட்டம் பின்னால்.

1. இடைவெளி உண்மையா என்று பார். ஒரே நிரலை வேறு வேறு தொடக்க எண்ணோடு ஓட்டினாலே விடை கொஞ்சம் ஆடும். எவ்வளவு ஆடும் என்பதற்கு அந்தக் கட்டுரையே சாட்சி: 110 அடுக்கு வலையை ஐந்து முறை ஓட்டி, சிறந்த பிழை 6.43, சராசரி 6.61, விலகல் 0.16 என்று எழுதியிருக்கிறார்கள். பலர் 6.43-ஐ மட்டும் பார்த்துவிட்டு, தமக்கு 6.7 வந்ததென்று வருந்துவார்கள். அது விலகலுக்குள்தான் இருக்கிறது. இருபது அடுக்குக்கு ஒற்றை எண்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் 89.1-க்கும் 91.25-க்கும் நடுவே இரண்டு புள்ளிக்கு மேல் இருக்கிறது. அது வெறும் ஆட்டம் அல்ல. இன்னொன்று: ஒவ்வொரு எபோக்கிலும் டெஸ்ட் எண்ணைப் பார்த்து உச்சத்தை எடுத்துக்கொள்ளாதே. கடைசி எண்ணையே எழுது.

2. அளவுகோலைச் சோதி. சோதனை நேரத்தில் `model.eval()` விட்டுப்போனால் பேட்ச் நார்மலைசேஷன் அந்தந்தப் பேட்ச்சின் சராசரியையே பயன்படுத்தும். கண்டுபிடிப்பது எளிது: சோதனையை 128 படமாக ஒரு முறை, ஒவ்வொரு படமாக ஒரு முறை ஓட்டு. இரண்டு விடையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆசிரியர்கள் பயிற்றுவித்த எடைகளை வெளியிட்டிருந்தால் அவற்றை உன் சோதனை நிரலில் போட்டுப் பார். அங்கேயே எண் விழுந்தால் குற்றம் பயிற்சியில் இல்லை. இமேஜ்நெட் ரெஸ்நெட்டுக்கு அவர்கள் காஃபே மென்பொருளில் எடைகளைத் தந்தார்கள். அவை நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் எதிர்பார்ப்பவை. வரிசை மாறினால் எந்தப் பிழைச்செய்தியும் வராது, எண் மட்டும் இறங்கும்.

3. வலையை எண்ணிப் பார். கட்டுரை இருபது அடுக்குக்கு 0.27 மில்லியன் அளபுருக்கள் என்கிறது. ஒரு வரியில் சரிபார்க்கலாம்.

```python
print(sum(p.numel() for p in model.parameters()))
```

269722 வந்தால் கட்டுரையின் வலை. 272474 வந்தால், அளவு மாறும் இரண்டு குறுக்குப் பாதைகளில் 1×1 கன்வல்யூஷனும் பேட்ச் நார்மலைசேஷனும் வைத்திருக்கிறாய். சிஃபாருக்கு அவர்கள் அங்கே பூஜ்யங்களைச் சேர்த்து நிரப்பினார்கள். ஒரு கோடியைத் தாண்டினால் இமேஜ்நெட்டுக்கான வேறு வலையையே எடுத்து வந்திருக்கிறாய். என் மாணவிக்கு 269722 வந்தது. வலை சரி.

4. முதல் படியைப் பார். பத்து வகைகளில் எதுவும் தெரியாத வலை தர வேண்டிய இழப்பு `ln(10)`, அதாவது சுமார் 2.3. தொடக்கத்தில் அதைவிட மிக அதிகமாக வந்தால் எடைகளின் தொடக்க மதிப்பிலோ படங்களின் அளவீட்டிலோ கோளாறு. பிறகு ஒரே ஒரு பேட்ச்சை, படத்தை மாற்றாமல், திரும்பத் திரும்பக் கொடு. இழப்பு ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் நீண்ட ஓட்டத்தைத் தொடங்காதே.

5. படங்களைக் கண்ணால் பார். வலைக்குள் நுழையும் கடைசி நொடியில் 64 படங்களை எடுத்து, அதையே இரண்டு எபோக்குக்கு அச்சிட்டுப் பார். ஒரே படம் இரண்டாம் முறை சற்று நகர்ந்து வர வேண்டும். கட்டுரைப்படி நான்கு பக்கமும் 4 புள்ளி சேர்த்து, 40-க்கு 40-லிருந்து 32-க்கு 32 சதுரத்தை ஏதாவது ஓரிடத்தில் வெட்ட வேண்டும். இடவலம் திருப்புவதும் உண்டு.

6. கற்கும் முறையைக் கட்டுரையோடு வரிவரியாக ஒப்பிடு. பேட்ச் 128, லேர்னிங் ரேட் 0.1, மொமென்டம் 0.9, வெயிட் டிகே 0.0001. ரேட்டைப் பத்திலொன்றாகக் குறைப்பது 32,000, 48,000 படிகளில். நிறுத்துவது 64,000 படியில். இவை படிகள், எபோக்குகள் அல்ல. 50,000 படத்துக்கு ஓர் எபோக் 391 படி. ஆக மொத்தம் சுமார் 164 எபோக். 45,000 படத்தை மட்டும் பயிற்சிக்கு வைத்தால் அதே படிகள் 182 எபோக் ஆகும். கட்டுரை, இந்த அட்டவணையை 45,000-க்கு 5,000 என்ற பிரிவில் தீர்மானித்ததாகச் சொல்கிறது. கடைசி எண்ணும் 45,000-இல் பயின்றதா, முழு 50,000-இலா என்று அந்த வாக்கியத்தை இருவிதமாகவும் படிக்கலாம். இப்படிப்பட்ட இடத்தில் ஊகித்துவிட்டு மறக்காதே. இரண்டையும் ஓட்டி, இரண்டையும் எழுதிவை.

வெயிட் டிகே மென்பொருளுக்கு மென்பொருள் ஏமாற்றும். பைடார்ச்சில் `weight_decay=1e-4` என்றால் சரிவில் சேர்வது `λw`. கேராஸில் `l2(1e-4)` என்றால் இழப்பில் சேர்வது `λw²`. சரிவில் அது `2λw` ஆகிவிடும். ஒரே எண்ணைத் தட்டச்சு செய்தும் ஒருவருக்கு இரண்டு மடங்கு அழுத்தம். பைடார்ச்சின் அளவு வேண்டுமானால் கேராஸில் `l2(5e-5)` என்று கொடுக்க வேண்டும்.

7. பயிற்சி, டெஸ்ட் இரண்டின் கோட்டையும் சேர்த்துப் படி. பயிற்சி எண் கட்டுரையின் வரைபடத்தைவிட மோசமாக இருந்தால் வலையிலோ கற்கும் முறையிலோ தேடு. பயிற்சி எண் மிக நன்றாக இருந்து டெஸ்ட் மட்டும் குறைந்தால், வலை படங்களை மனப்பாடம் செய்கிறது. படங்களை மாற்றித் தரும் பகுதியையும் வெயிட் டிகேயையும் பார்.

என் மாணவிக்கு இந்த ஏழாவதுதான் வழிகாட்டியது. பயிற்சி எண் கட்டுரையின் கோட்டைவிட நன்றாக இருந்தது, டெஸ்ட் மோசமாக இருந்தது. ஐந்தாவது சோதனையைச் செய்யாமல் தாவியிருந்தாள். போய்ச் செய்யச் சொன்னேன். அச்சிட்ட படங்கள் இடவலமாகத் திரும்பின, ஆனால் ஒன்றுகூட நகரவில்லை. பழைய நிரலிலிருந்து எடுத்துவந்த படம் ஏற்றும் பகுதியில் வெட்டும் வரியே இல்லை. அந்த ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, 64,000 படியும் ஓட்டினாள். 91.0 வந்தது. வேறு தொடக்க எண்களோடு மறுபடி ஓட்டினாள். கொஞ்சம் மேலும் கொஞ்சம் கீழுமாக அங்கேயே நின்றது.

“இன்னும் 0.25 குறையுதே சார்” என்றாள். அங்கே நிறுத்தச் சொன்னேன். மிச்சமிருக்கும் இடைவெளி அவளுடைய ஓட்டங்கள் தமக்குள் ஆடும் அளவுக்குள் வந்துவிட்டது. அதற்கு மேல் துரத்தினால் நல்ல தொடக்க எண்ணைத் தேர்ந்தெடுக்கும் வேலையாகிவிடும். அதுவும் பையிலிருந்து காசு போடுவதுதான்.

ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்று என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. அன்று வெட்டும் வரியைச் சேர்த்ததோடு வெயிட் டிகேயையும் மாற்றியிருந்தால், எண் ஏறியிருக்கும், எது ஏற்றியது என்பது தெரிந்திருக்காது. இரண்டு திருத்தம் ஒன்றையொன்று மறைப்பதும் நடக்கும்: ஒன்று எண்ணை உயர்த்தும், மற்றது இறக்கும், நீயோ ஒன்றும் பயனில்லை என்று இரண்டையும் தூக்கி எறிவாய். ஆகவே ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு வரி எழுதிவை: என்ன மாற்றினேன், ஓட்டுமுன் என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது. நடுவில் உள்ள எதிர்பார்ப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் எந்த விடை வந்தாலும் ‘நினைத்தேன்’ என்று மனம் சொல்லிக்கொள்ளும்.

பட்டியல் முழுதும் முடிந்தும் இடைவெளி நின்றால், அப்போது ஆசிரியருக்கு எழுது. “உங்கள் எண் வரவில்லை” என்று எழுதினால் பதில் வருவது அரிது. “அளபுரு எண்ணிக்கை, படிகள், வெட்டும் முறை எல்லாம் ஒத்துப்போகிறது, கடைசிப் பயிற்சி 45,000 படத்திலா 50,000 படத்திலா என்பது மட்டும் தெரியவில்லை” என்று எழுதினால், அவர் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. உன் அறிக்கையில் அவர்கள் எண், உன் எண், உன் ஓட்டங்களின் ஆட்டம், நீ சரிபார்த்தவை, சரிபார்க்க முடியாதவை ஆகிய ஐந்தும் இருக்கட்டும். அவை இருந்தால், அடுத்து அந்தக் கட்டுரையை எடுக்கிறவர் நீ விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.