திறப்புக் கொத்தும் பிறர் பணமும்

வெள்ளவத்தையில் நமது இல்லாளுக்குச் சீதனமாக வந்த மாடிவீடு ஒன்று உண்டு. கீழே இரண்டு, மேலே இரண்டு என நான்கு பகுதிகள். நான்கிலும் வாடகைக்குக் குடியிருப்போர் உள்ளனர். யாழ்ப்பாணத்திலே கல்லூரியில் படிப்பித்துக்கொண்டிருக்கும் நாம், மாதந்தோறும் கொழும்புக்கு ரயிலேறிச் சென்று வாடகை பெறுதல் இயலாத காரியம். ஆகவே, வீட்டைப் பராமரிக்கும் முகவர் நிலையம் ஒன்றிடம் அதனை ஒப்படைத்திருந்தோம். வாடகை தண்டுதல், பழுது பார்த்தல், சோலைவரி செலுத்துதல் யாவும் அவர்கள் பொறுப்பு. வாடகையில் நூற்றுக்கு எட்டு வீதம் அவர்களுக்குத் தரகு.

ஆறு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. 2024ஆம் ஆண்டிலே நமது மூத்த மகன் கொழும்பிற் படிக்கச் சென்றமையால், வீட்டை இனி நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தோம். முகவருடன் நமக்குப் பகையேதும் இல்லை. தொலைபேசியில் அழைத்து, “அடுத்த மாதத்தோடு நிறுத்திக்கொள்வோம்” என்று சொன்னோம். “அதற்கென்ன, பார்ப்போம்” என்றார் அவர். ஒரு மாதம் சென்றது. அவரும் பார்க்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

பின்னரே பெட்டகத்திலிருந்து உடன்படிக்கையை எடுத்துப் படித்தோம். கையொப்பமிட்ட நாளில் அதனை ஒழுங்காக வாசித்திருப்பின் அந்த ஒரு மாதம் வீணாகியிராது. முடிப்பதானால் தொண்ணூறு நாள் முன்னறிவித்தல் எழுத்தில் தரப்படல் வேண்டும் என்றும், அறிவித்தல் கிடைத்த நாளிலிருந்தே அத்தவணை தொடங்கும் என்றும் அதிற் கண்டிருந்தது. வாயாற் சொன்னது கணக்கிற் சேராது. இன்னுமொன்று: உடன்படிக்கையிற் கையொப்பமிட்டவர் நமது இல்லாள். வீடும் அவர் பெயரில். நாம் எழுதி வைத்திருந்த கடிதத்தைப் பார்த்த சட்டத்தரணி நண்பர், “மாஸ்டர், இதிலே உங்கள் கையொப்பத்துக்குப் பெறுமதியில்லை; அக்காவைக் கொண்டு எழுதுவியுங்கள்” என்று சிரித்தார்.

அவ்வாறே இல்லாள் கையொப்பமிட, மார்ச் 28ஆந் திகதி பதிவுத் தபாலில் அனுப்பினோம். மறுநாள் பெரிய வெள்ளிக்கிழமை. அதன்பின் சனி, ஞாயிறு. கடிதம் முகவரின் கந்தோரைச் சேர்ந்தது ஏப்ரில் 2ஆந் திகதி. தொண்ணூறு நாளை எண்ணிப் பார்த்தால் ஜூலை முதலாந் திகதியில் வந்து நிற்கிறது! ஜூன் 30 உடன் முடித்துவிடலாம் என்ற நமது எண்ணம் ஒரு நாளாற் பிழைத்தது. வாடகை மாதத்தின் நடுவிலே கைமாற்றினால், எந்த நாள் வாடகை யாருக்கு, தரகு எவ்வளவு என்று வீண் வாதம் எழும். ஆகவே ஜூலை 31 என்று கடைசி நாளைக் குறித்து, மற்றொரு கடிதத்தால் உறுதிப்படுத்தினோம். நான்கு பகுதிகளின் வாடகையும் சேர்த்து மாதம் 170,000 ரூபா; ஒரு மாதத் தரகு 13,600 ரூபா. கடிதத்தை ஒரு வாரம் முந்தி அனுப்பாததற்கு நாம் செலுத்திய அபராதம் அது.

இனிச் சொல்லப்போவது அதனினும் பெரிய விடயம்.

குடியிருப்போர் ஒவ்வொருவரும் வரும்போதே ஆறு மாத வாடகைக்குச் சமமான தொகையை வைப்புப் பணமாகக் கொடுத்திருந்தனர். வீட்டை விட்டுப் போகும்போது, சேதமோ நிலுவையோ இருப்பின் அதைக் கழித்துக்கொண்டு மிகுதியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது நிபந்தனை. அப்பணம் முகவரின் வங்கிக் கணக்கில் இருந்தது. ஆறு ஆண்டுகளும் அதைப் பற்றி நாம் நினைத்ததேயில்லை. மாதந்தோறும் வாடகை ஒழுங்காக வந்ததல்லவா? அதுவே போதும் என்றிருந்தோம்.

மே மாத விடுமுறையிலே கொழும்புக்குச் சென்றபோது, கீழ்ப்பகுதியிற் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நம்மை அழைத்துத் தேநீர் தந்தார். கணவரை இழந்து தனியே வாழ்பவர். சற்றுத் தயங்கியபின், “தம்பி, வாடகை உங்கடை காசு. அந்த அட்வான்ஸ் என்ரை காசு. ஏஜென்சிக்காரர் போனால் அது இனி ஆரிட்டை இருக்கும்?” என்று கேட்டார். அவர் கொடுத்திருந்தது 240,000 ரூபா. நமக்கு மறுமொழி தெரியவில்லை. அன்றிரவு உறக்கம் வரவில்லை என்பதை ஒளிப்பானேன்?

மறுநாள் நான்கு வாடகை ஒப்பந்தங்களையும் வாங்கி வைத்துக்கொண்டு, வைப்புப் பணத்தை மட்டும் ஒரு தாளிலே எழுதினோம். கீழ் முன்பகுதி 270,000. கீழ்ப் பின்பகுதி 240,000. மேல் முன்பகுதி 300,000. மேல் பின்பகுதி 210,000. ஆக மொத்தம் 1,020,000 ரூபா. பின்னர் வைப்புக் கணக்கின் மிகுதியை எழுத்தில் தருமாறு முகவரிடம் கேட்டோம். வந்த விடை 840,000 ரூபா. துண்டுவிழுந்த தொகை 180,000.

கோபம் வந்தது உண்மை. ஆயினும், கணக்கை வரிவரியாகக் காட்டும்படி கேட்டபின் கோபப்படலாம் என்று பொறுத்தோம். பொறுத்தது நன்றாயிற்று. ஏனெனில் பிழையிற் பாதி நம்முடையது.

தண்ணீர்ப் பம்பி பழுதாகிப் புதிதாகப் பூட்டியபோது 75,000 ரூபா செலவாகியிருந்தது. அதனை முகவர் நமது கணக்கிற் பற்று எழுதாமல், வைப்புப் பணத்திலிருந்து எடுத்திருந்தார். “மாத வாடகையிற் கழித்தால் நீங்கள் குறைப்படுவீர்கள் என்று எண்ணினேன்” என்றார். பம்பி வீட்டுக்கு உரியது, பற்றுச்சீட்டும் இருந்தது. எனவே அது நமது செலவு. மிகுதி 105,000 ரூபாவின் கதை வேறு. மேல் பின்பகுதியார் மூன்று மாதம் வாடகை கொடுக்கவில்லையென்று, மாதம் 35,000 வீதம் அவருடைய வைப்பிலிருந்தே எடுத்து நமக்கு வாடகையாக அனுப்பியிருக்கிறார். நாம் ‘ஒழுங்காக வருகிறது’ என்று மகிழ்ந்த வாடகையில் மூன்று மாதத்தது குடியிருப்பவரின் சொந்த முதலேயாம்!

அந்தக் குடியிருப்பாளரைச் சென்று கண்டோம். தொழில் இழந்திருந்த காலத்தில் இரண்டு மாதம் கொடுக்கவில்லை என்பதை அவர் மறுக்கவில்லை. மூன்றாம் மாதத்துக்கோ பணம் கட்டிய பற்றுச்சீட்டைக் காட்டினார். வசூலிக்க வந்தவர் அதனை ஏட்டிற் பதியாமல் விட்டிருந்தார். சீட்டைக் கண்டதும் முகவரும் வாதாடவில்லை.

தீர்வு இவ்வாறு அமைந்தது. பதியாத ஒரு மாதத்துக்கு முகவர் 35,000 ரூபாவை வைப்பிற் போட்டார். பம்பிக்கான 75,000 ரூபாவை நாம் போட்டோம். உண்மையான நிலுவை 70,000 ரூபா தமது வைப்பிற் கழிந்துவிட்டது என்றும், எஞ்சிய வைப்பு 140,000 ரூபா என்றும் மேல் பின்பகுதியார் கையொப்பமிட்டுத் தந்தார். இப்பொழுது குடியிருப்போருக்குரிய மொத்தம் 950,000. கணக்கில் இருந்த 840,000 உடன் 35,000 உம் 75,000 உம் சேர அதுவும் 950,000. இரண்டும் பொருந்தின. ஜூலை முடிந்து முகவர் போனபின் இக்கணக்கைப் பார்த்திருப்போமாயின், சீட்டையும் ஏட்டையும் ஒரே மேசையில் வைத்திருக்க முடிந்திராது.

பணத்தைத் தரும் வேளையில் முகவர் ஒரு சுருக்குவழி சொன்னார்: கடைசி மாத வாடகையையும் வைப்பையும் ஒன்றாகக் கூட்டி, தமது தரகைக் கழித்து, ஒரே காசோலையாகத் தந்துவிடலாமே என்று. நாம் இணங்கவில்லை. வாடகை நமது பணம், அதிலே தரகு கழியலாம். வைப்பு பிறர் பணம், அதில் எவர் தரகும் கழியலாகாது. இரண்டும் கலந்தால் மீண்டும் பிரித்தறிவது அரிது. வைப்புக்கென இல்லாள் பெயரில் தனிக் கணக்கொன்று திறந்து, 950,000 ரூபாவும் குறையாமல் அதிற் சேர்ப்பித்தோம்.

குடியிருப்போருக்கு முகவரும் இல்லாளும் சேர்ந்து கையொப்பமிட்ட கடிதம் கொடுத்தோம். ஆகஸ்ட் முதலாந் திகதி தொடக்கம் வாடகை எக்கணக்கிற் சேரவேண்டும், அவரவர் வைப்பு எவ்வளவு, அது யாரிடம் உள்ளது என்பன அதிற் கண்டிருந்தன. எங்கள் கடிதம் மட்டும் சென்றிருந்தால், இது ஏதேனும் மோசடியோ என்று அவர்கள் ஐயுறுவது நியாயமே. பழக்கத்தால் யாரேனும் பழைய இடத்திற் செலுத்திவிட்டால், ஏழு நாளுக்குள் முகவர் அதை நமக்கு அனுப்பவேண்டும். செலுத்தியவரை நிலுவைக்காரர் எனக் கருதலாகாது என்றும் எழுதிக்கொண்டோம். வாடகை ஒப்பந்தங்களிற் கையொப்பமிட முகவருக்குக் கொடுத்திருந்த அற்றோணித் தத்துவத்தையும் இரத்துச் செய்து, அது பதியப்பட்டதொன்றாகையால் இரத்தையும் பதிவு செய்வித்தோம். அவர் ஏற்கெனவே செய்துவைத்த ஒப்பந்தங்களோ தவணை முடியும்வரை நம்மைக் கட்டுப்படுத்தும்.

ஜூலை 31ஆந் திகதி மாலை ஒப்படைப்பு நடந்தது. ஒப்பந்தங்களின் மூலப் பிரதிகள், வாடகை ஏடு, மின்சார, தண்ணீர்க் கட்டணச் சீட்டுகள், சோலைவரிப் பற்றுச்சீட்டுகள் என்பவற்றைப் பட்டியலோடு சரிபார்த்து எடுத்தோம். மீற்றர்களின் எண்களை அன்றே எழுதிக்கொண்டோம். குடிவந்த நாளில் வீடு எந்நிலையில் இருந்தது என்ற குறிப்பு மூன்று பகுதிகளுக்கே இருந்தது. நான்காவதற்கு இல்லை. அக்குறிப்பு இல்லாவிடின், சுவரின் வெடிப்பு பழையதா புதியதா என்று பின்னொருநாள் யாராலும் சொல்லவியலாது. வைப்பிற் கழிக்கவும் நியாயமிராது. மேல் முன்பகுதியாரையும் உடன் வைத்துக்கொண்டு அன்றைய நிலையை எழுதி, இருவரும் கையொப்பமிட்டோம்.

கடைசியாகத் திறப்புகள். பட்டியலில் பதினான்கு என்றிருந்தது. மேசையில் எண்ணியபோது பதினான்கும் இருந்தன. ஆயினும் ஒவ்வொன்றையும் அதனதன் பூட்டிற் போட்டுப் பார்த்தோம். தண்ணீர்த்தாங்கிக்குப் போகும் மாடிக்கதவின் திறப்பென்று துண்டு கட்டியிருந்தது எந்தப் பூட்டுக்கும் சேரவில்லை. படலையின் திறப்புக்குக் குழாய் வேலை செய்பவரிடமும் ஒரு பிரதி இருந்ததை முகவரே நினைவுகூர்ந்தார். அது எங்கே என்று அவருக்கும் தெரியாது. மறுநாளே அவ்விரு பூட்டுகளையும் மாற்றினோம்.

எல்லாம் முடிந்தபின், ஆசிரியை அம்மையாரிடம் அவருக்குரிய கடிதத்தை நாமே கொண்டுசென்று கொடுத்தோம். மூக்குக்கண்ணாடியை அணிந்து, 240,000 என்ற எண்ணை விரலால் தொட்டு வாசித்தார். பிறகு கடிதத்தை மடித்து, வங்கிப் புத்தகத்தினுள் வைத்துக்கொண்டு, “இனித் தேத்தண்ணி குடியுங்கோ தம்பி” என்றார். முந்திய முறை தந்த தேநீரை நாம் அரைவாசியில் வைத்துவிட்டு எழுந்ததை அவர் மறக்கவில்லைப் போலும்.