சனி மூலை

என் பாட்டி திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில் மண்டபத் தரையில் ஆடுபுலி ஆட்டம் ஆடியவள். தாராவிக்குக் குடிவந்த பிறகும் வாசல்படியில் கரிக்கோடு கிழித்து எங்களுக்குக் கற்றுக்கொடுத்தாள். "ஆட்டை ஓரத்துல ஒதுக்குல, புலி தாண்ட முடியாது" என்பாள். ஆட்டுக்குப் பின்னால் காலிப் புள்ளி இருந்தால்தானே புலி தாண்டிக் குதிக்கும்? ஓரத்தில் அதற்கு வழி குறைவு. அந்தப் பாடம் எனக்குள் ஐம்பது வருஷமாக ஊறிக் கிடக்கிறது. இப்போது அதுதான் என்னைப் பேத்தியிடம் தோற்கடிக்கிறது.

ஞாயிறுதோறும் செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கு வருகிறவள், ஒரு நாள் கோ ஆட்டத்தைக் கொண்டுவந்தாள். பலகை இல்லை. நேர்ப்புள்ளி, ஒன்பதுக்கு ஒன்பது, கூடத்துத் தரையில் சாக்பீஸால் வைத்தாள். மொத்தம் 81 புள்ளி. சதுரங்கம் போலக் கட்டத்துக்குள் அல்ல, ஆடுபுலி போலப் புள்ளியின் மேல்தான் காய் வைக்க வேண்டும். எனக்குப் புளியங்கொட்டை, அவளுக்குச் சோழி. கறுப்புக்குத்தான் முதல் ஆட்டம்.

நான் யோசிக்கவே இல்லை. கோடி மூலைப் புள்ளியில் கொட்டையை வைத்தேன். அவள் அதன் இரு பக்கமும் ஒவ்வொரு சோழியாக வைத்து, கொட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"தாத்தா, அதுக்கு மூச்சு விட ரெண்டு இடம்தான். ஓரத்துல மூணு. நடுவுல நாலு."

பாட்டியின் ஆடு பதுங்கும் இடம் இங்கே பொறி. அப்படியானால் மூலையே வேண்டாமா என்றால், வேண்டும். பலகையின் இரண்டு விளிம்பும் இலவச மதில். மீதி இரண்டு பக்கத்துக்கு மட்டும் காய் செலவழித்தால் போதும். வேண்டியது மூலை நிலம்தான், கோடிப் புள்ளி அல்ல. நிலத்தைப் பிடிக்க எவ்வளவு தள்ளி நிற்பது என்பதுதான் கேள்வி.

அடுத்த ஞாயிறு இரு விளிம்பிலிருந்தும் மூன்றாவது கோட்டில் வைத்தேன். மூணு-மூணு. மூலை உறுதி. அவள் நேராக நட்டநடுவில் ஒரு சோழியை வைத்தாள். நான் எந்தப் பக்கம் கிளம்பினாலும் அந்தச் சோழி முன்னால் வந்து நின்றது. கடைசியில் மூலையும் ஒரு விளிம்பும் எனக்கு, பாக்கி ஊரெல்லாம் அவளுக்கு.

இந்த மூணு-மூணுக்கு ஒரு கதை உண்டு. 1933 அக்டோபர், ஜப்பான். சீனாவில் பிறந்த 19 வயதுப் பையன் கோ செய்கென், ஹொனின்போ குடும்பத்தின் தலைவரான ஷூசாய் முன்னால் உட்கார்ந்து, பெரிய பலகையின் வலது மேல் மூலையில் முதல் காயை மூணு-மூணில் வைத்தான். அந்தக் குடும்பத்தார் தொடவே கூடாது என்று ஒதுக்கிவைத்த புள்ளி அது. பேய் வாசல் என்று அதற்குப் பெயர். அடுத்த காய் எதிர்மூலையில் நாலு-நாலு, மூன்றாவது நட்டநடு. பெரியவருக்கு எப்படி இருந்திருக்கும்! ஆட்டம் ஒத்திவைத்து ஒத்திவைத்து 1934 ஜனவரி வரை இழுத்தது. ஷூசாய் இரண்டே புள்ளியில் ஜெயித்தார்.

எனக்குச் சுவாரசியம் ஜெயித்ததில் இல்லை, அந்தப் பெயரில். ஜப்பானியர்களுக்குப் பேய் வாசல் என்றால் வடகிழக்குத் திசை. நமக்கோ அது ஈசானிய மூலை, சாமி இருக்கும் இடம். பேச்சு வழக்கில் அதையே சனி மூலை ஆக்கியும் வைத்திருக்கிறோம். எங்கள் கட்டடத்தில் அந்த மூலையில் குளியலறை இருக்கிறது. வாஸ்து பார்க்க வந்தவர் அதை இடிக்கச் சொன்னார். இடித்தால் மேல்வீட்டுக்காரர் எங்கே குளிப்பார் என்று கேட்டேன். காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இருக்கட்டும். இப்போது நான் நாலு-நாலில் ஆரம்பிக்கிறேன். ஒன்பது கோட்டுப் பலகையில் அதற்குக் குறுக்கே அடுத்த புள்ளியே நடு. மூலையையும் பார்க்கும், ஊரையும் பார்க்கும். குறை, காயின் காலடியில் மூணு-மூணு திறந்து கிடப்பது. பேத்தி ஒரு தடவை அதில் நுழைந்தாள். பதறாமல், அவளுடைய வேறு சோழி இல்லாத, அகலமான பக்கத்தை முதலில் அடைத்தேன். அவள் விளிம்போரமாக ஊர்ந்து மூலையில் பிழைத்துக்கொண்டாள். அதற்குள் வெளியே எனக்கு ஒரு மதில் எழும்பிவிட்டது. பத்தொன்பது கோட்டுப் பலகை என்றால் அவள் அந்த மதிலை விட்டு எங்கோ தூரத்தில் போய்க் குடியேறுவாள். இங்கே போக இடமில்லை; மதில் பார்ப்பதே மிச்சப் பலகை முழுவதையும்தான். நான் ஜெயித்த ஒரே ஆட்டம் அது. அதற்குப் பிறகு அவள் அவசரப்பட்டு உள்ளே வருவதில்லை. எதிர்மூலை நாலு-நாலில் சோழியை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள்.

ஆட நினைக்கிறவர்கள் கொட்டை எடுத்த புளி வாங்காதீர்கள். கறுப்புக்கு 41 கொட்டை வேண்டும், வெள்ளைக்கு 40 சோழி.