ஆறு முனைகள், மூன்று கான்டாக்டர்கள்

கோவை கணபதியில் பேனல் போர்டு செய்யும் பட்டறை அது. 15 எச்.பி. பம்ப் மோட்டாருக்கான ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் மேஜையில் பாதி வயரிங்கோடு இருந்தது. படத்தை எப்படிப் படிப்பது என்று கேட்டேன். "கன்ட்ரோல் அப்புறங்க. முதல்ல பவர் கோட்டைப் பிடிச்சுட்டுப் போங்க," என்றார் அங்கிருந்த மூத்த வயர்மேன்.

தடித்த கோடுகள்தான் பவர். மூன்று பேஸும் மெயின் கான்டாக்டர் வழியாக மோட்டாரின் U1, V1, W1 முனைகளுக்குப் போகின்றன. வைண்டிங்குகளின் மறுமுனைகளான U2, V2, W2 மற்ற இரண்டு கான்டாக்டர்களுக்கும் வருகின்றன. ஸ்டார் கான்டாக்டர் இந்த மூன்றையும் ஒரே இடத்தில் முடிச்சுப்போடுகிறது. டெல்டா கான்டாக்டரோ ஒவ்வொன்றையும் வேறொரு பேஸில் சேர்க்கிறது: U1-உடன் W2, V1-உடன் U2, W1-உடன் V2.

ஸ்டார்ட் ஆகும்போது கரன்ட் குறைவதற்குக் காரணம் இந்த முடிச்சுதான். டெல்டாவில் ஒரு வைண்டிங்குக்கு 415 வோல்ட் முழுதாகக் கிடைக்கிறது; ஸ்டாரில் 240 வோல்ட்தான். வைண்டிங் கரன்ட் 1.73 மடங்கு குறைகிறது. பலர் விளக்கத்தை இதோடு நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் மீதிப் பாதி இருக்கிறது. டெல்டாவில் ஒவ்வொரு லைனும் இரண்டு வைண்டிங்குக்குக் கரன்ட் கொடுக்க வேண்டும் என்பதால், லைன் கரன்ட் வைண்டிங் கரன்ட்டைவிட 1.73 மடங்கு அதிகம். ஸ்டாரில் இரண்டும் ஒன்றே. இரு குறைவுகளும் சேர்ந்து லைன் கரன்ட் மூன்றில் ஒன்றாகிறது. இந்த மோட்டாரின் முழுச்சுமை கரன்ட் சுமார் 21 ஆம்பியர். நேரடியாகப் போட்டால் ஆறு மடங்கு, 126 வரை இழுக்கும். ஸ்டாரில் 42 போதும்.

சுழற்று விசையும் மூன்றில் ஒன்றாகிவிடும். விசிறிச் சக்கரம் தண்ணீரைத் தள்ளும் பம்புக்கு ஆரம்பத்தில் சுமை குறைவு, அதனால் சமாளிக்கும். அழுத்தம் நிற்கும் பிஸ்டன் கம்ப்ரஸர் வேகம் பிடிக்காது. டைமர் அந்த நிலையில் டெல்டாவுக்கு மாற்றினால் கரன்ட் கிட்டத்தட்ட நேரடி ஸ்டார்ட் அளவுக்கே எகிறும். ஸ்டாரில் அம்மீட்டர் முள் இறங்குவதற்கு முன்பே மாறுகிறதென்றால் சுமையையும் டைமரையும் பார்க்க வேண்டும்.

மெல்லிய கோடுகளில் ஒன்றை மட்டும் விரலால் காட்டினார். ஸ்டார் காயிலின் பாதையில் டெல்டாவின் என்.சி. கான்டாக்ட், டெல்டா காயிலின் பாதையில் ஸ்டாருடையது. இரண்டும் சேர்ந்து இழுத்தால் மூன்று பேஸும் நேராக ஷார்ட் ஆகிவிடும். அதற்குத்தான் இந்தத் தடுப்பு.

வயரிங்கில் அதிகம் நடக்கும் பிசகு, U1-இன் பேஸையே U2-க்கும் கொண்டுபோவது, மற்ற இரண்டையும் அப்படியே. ஸ்டாரில் மோட்டார் ஒழுங்காகக் கிளம்பும். டெல்டாவுக்கு மாறியதும் ஃப்யூஸ் போகாமலே அடங்கிவிடும். வைண்டிங்கின் இரு முனையிலும் ஒரே பேஸ் இருக்கும்போது கரன்ட் எப்படி ஓடும்? மோட்டாரை இணைக்கும் முன், சப்ளை இல்லாத நிலையில் மெயின், டெல்டா கான்டாக்டர்கள் இரண்டையும் கையால் அழுத்தி மல்ட்டிமீட்டர் வைக்கிறார். U1 வயருக்கும் W2 வயருக்கும் இடையே பீப் வர வேண்டும். U1-க்கும் U2-க்கும் வந்தால் கழற்றி மாற்றுகிறார். மோட்டாரை இணைத்தபின் வைண்டிங் வழியாகவே எல்லா முனைக்கும் தொடர்பு வந்துவிடும், அப்போது இந்தச் சோதனையால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.