விரல் கண்ட வட்டம்

ஒன்பதாம் வகுப்பிற்கு வட்டத் தேற்றம் ஒன்றைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் படம் வரைந்து, "இந்தக் கோணம் அந்தக் கோணத்தைப் போல் இருமடங்கு" என்றேன். முதல் வரிசையில் அமர்ந்திருந்த பார்வையற்ற மாணவி, "எந்தக் கோணம், ஐயா?" என்று கேட்டாள். சுட்டுவிரலையே நம்பி நான் இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியிருந்தது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள், அட்டையில் சணல் நூலை ஒட்டி அதே படத்தைச் செய்து கொடுத்தேன். வட்டமும் கோடுகளும் ஒரே நூல். அவள் விரல் வட்டத்தில் தொடங்கி, சந்திப்பில் தடுமாறி, ஒரு கோட்டிற்குள் நழுவிவிட்டது. கண் முழுப் படத்தையும் ஒருசேரக் காண்கிறது. விரலோ பகுதி பகுதியாகத் தொட்டு, முழுமையை மனத்தில் கட்டுகிறது. என் படம் கண்ணுக்காகச் செய்தது.

மீண்டும் செய்தேன். வட்டத்திற்குச் சணல், மையக் கோணத்திற்குக் கம்பளி நூல், பரிதிக் கோணத்திற்கு இழுபடும் மெல்லிய நூல். புள்ளிகளுக்கு உருண்டைத் தலைக் குண்டூசிகள். அறுபது பாகைக் கோணமுள்ள ஆறு அட்டைத் துண்டுகளையும் வெட்டிக்கொண்டேன்.

"இது கடிகார முகம் அம்மா. நான்கு மணியிலும் எட்டு மணியிலும் ஊசிகள் உள்ளன. இரண்டிலிருந்தும் கம்பளி நூல் மையத்திற்கு வருகிறது. மெல்லிய நூல் பன்னிரண்டு மணிக்குச் செல்கிறது" என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டேன். தொடும்போது நாம் பேசிக்கொண்டே இருந்தால் கவனம் இரண்டாகப் பிரியும்.

பன்னிரண்டு மணியில் ஓர் அட்டை சரியாகப் பொருந்தியது. மையத்தில் இரண்டு பொருந்தின. மேல் ஊசியைப் பிடுங்கி ஒரு மணியில் குத்தினாள். அங்கும் ஒன்றே பொருந்தியது. பின்னர், நான் சொல்லாமலே, அதனை ஆறு மணிக்குக் கொண்டுசென்றாள்.

"ஐயா, இங்கே இரண்டு அட்டை கேட்கிறதே! தேற்றம் தவறா?"

வகுப்பு அமைதியாயிற்று. 'வில் மையத்தில் தாங்கும் கோணம், வட்டத்தின் மீதிப் பகுதியில் தாங்கும் கோணத்தைப் போல் இருமடங்கு' என்று அனைவரும் ஒப்பித்திருந்தனர். 'மீதிப் பகுதி' என்ற சொல்லில் ஒருவரும் நின்றதில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அதனை விளக்கியதில்லை.

"ஆறு மணி எந்த வில்லின்மேல் இருக்கிறது?" என்றேன்.

நான்கிலிருந்து எட்டு வரை சணலைத் தடவினாள். "சின்ன வில்லின்மேலேயே நிற்கிறது, ஐயா. அப்படியென்றால் இதற்கு மீதிப் பகுதி மேலே இருக்கும் பெரிய வில்."

"ஆம். இப்போது அந்தப் பெரிய வில்லுக்கு உரிய மையக் கோணத்தைப் பார்."

மையத்தின் மேற்புறத்தில் அட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். பின்பெஞ்சு மாணவர்கள் எழுந்துவந்து அவள் மேசையைச் சூழ்ந்துகொண்டனர். நான்காவது அட்டையும் வைத்தபின் இடைவெளி இல்லை. அவள் இடக்கை ஆறு மணியில் இருந்த இரண்டு அட்டைகளின்மேல் இருந்தது.

"நான்கில் பாதி இரண்டு" என்றாள்.